தள்ளிவைத்த பால்காய்ச்சு: தம்பியின் இரண்டு மெசேஜும் என்னுடைய ஒன்றும்

குழித்துறைப் பக்கம் தம்பி கட்டிய வீட்டுக்கு 23ஆம் தேதி ஞாயிறு பால்காய்ச்சு. வெள்ளிக்கிழமை பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்தார்கள். கோதையாறு வழியாக வரும் தண்ணீர் கடைசியில் எங்கள் ஆற்றில்தான் சேரும். சாயங்காலம் வீட்டு முன் ரோட்டில் முட்டளவு தண்ணீர். தம்பி குடும்ப குரூப்பில் போட்டது இது:

"மழை ரொம்ப மோசம். விசேஷம் தள்ளி வச்சிருக்கு. தேதி பிறகு சொல்றோம். யாரும் பயப்பட வேண்டாம்."

பயப்பட வேண்டாம் என்றதும் எல்லோரும் பயந்தார்கள். வீட்டுக்குள் வெள்ளமா, சுவர் ஏதும் சரிந்ததா என்று போன் மேல் போன். தேதி இல்லாததால் லீவு போட்டவர்கள் தனியாகக் கேட்டார்கள். நடுவில் யாரோ அணை வீடியோ ஒன்றைப் போட, மெசேஜ் மேலே போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்து இன்னொன்று: "ஞாயிறு காலை பால் மட்டும் காய்ச்சுறோம், சாப்பாடு 30ஆம் தேதி." யோசனை மோசமில்லை, முகூர்த்தமும் தவறாது, பந்தியும் நனையாது. ஆனால் போனில் வாசிப்பவர்கள் 'ஞாயிறு காலை பால்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். உறவில் அப்படி நாலு பேராவது உண்டு. எங்கள் மயினி, "அப்போ நாங்க காலையிலயே வரணுமா?" என்றார். தம்பி உடனே அதைத் திருத்தினான். வாட்ஸ்அப்பில் அதற்கு 15 நிமிடம் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் பெரியம்மா அதைத் தோவாளை குரூப்புக்கு அனுப்பியிருந்தார். இங்கே திருத்தினால் அங்கே போன பிரதி மாறாது.

அதனால் பழையதை விட்டுவிட்டு நான் புதிதாக எழுதினேன்:

"23 ஞாயிறு பால்காய்ச்சு இல்லை. சாப்பாடும் இல்லை. 30 ஞாயிறு, அதே வீடு, அதே காலை 6.30. வீட்டுக்கு ஒண்ணும் ஆகல, எல்லாரும் நல்லா இருக்கோம். ரோட்டுல தண்ணி நிக்கிறதால மாத்தினோம். சமையல்காரர், பந்தல்காரர் ரெண்டு பேரும் 30க்குச் சம்மதிச்சாச்சு. 28 வெள்ளி சாயங்காலம் 6 மணிக்கு ரோடு நிலவரம் சொல்றேன். முன்னால வந்த ரெண்டு மெசேஜையும் விட்டுடுங்க."

முதல் வரியில் 'இல்லை' வந்ததுதான் இதில் முக்கியம். அடுத்தது, வீடு நலம் என்பதைக் காரணத்துக்கு முன்னால் சொன்னது. சமையல்காரரிடம் பேசாமல் தேதி போட்டிருந்தால் இன்னொரு திருத்தம் வேண்டியிருக்கும். அவருக்கு 30ஆம் தேதி வேறு வேலை இல்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அணை வீடியோக்களுக்கு அடியில் புதையாமல் இருக்க, மெசேஜை 7 நாள் குரூப்பின் உச்சியிலேயே நிற்கும்படி 'பின்' பண்ணி வைத்தேன். வாசிக்காத இரண்டு பாட்டிகளுக்கு இதையே வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன்.

தோவாளை குரூப்பில் போட மட்டும் மறந்துவிட்டேன். ஞாயிறு காலை மாமா மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டார். கையில் நாலு முழம் பிச்சிப்பூ. "பால் காய்ச்சியாச்சா, மக்கா?"