மூன்று வருட விபிஎன்: வேலை பார்க்கும் லேப்டாப்பில் மட்டும் வேண்டாம்

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, நீங்க வச்சிருக்கிற விபிஎன் பாதி விலைக்கு வந்திருக்கு. ரெண்டு வருஷத்துக்கு எடுக்கலாமா?" அவரும் என்னைப் போல வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர். போனில் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. விபிஎன் என்பது வேறு நாட்டு சர்வர் வழியாக இணையத்தில் போக உதவும் செயலி. அதை வாங்கியது அம்மாவுக்காக. திருநெல்வேலி வீட்டுக்கு வரி கட்டி ரசீது எடுக்க வேண்டிய தளம் இங்கிருந்து திறக்காது. இந்திய ஐபி, அதாவது இந்தியாவுக்குரிய இணைய முகவரி, இருந்தால்தான் திறக்கும். அந்த வேலையை இந்த விபிஎன் மூன்று வருடமாகக் குறையில்லாமல் செய்கிறது. வேகம் நன்றாக இருக்கிறது, அழைப்பில் குரல் உடைவதில்லை. இதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

புகார் வேறு இடத்தில். ஒரு வியாழக்கிழமை மாலை ஆறே முக்காலுக்குச் சென்னை சர்வரைப் போட்டு அம்மாவின் ரசீதை எடுத்தேன். பின்னால் வாடிக்கையாளரின் வேலை நேரத்தைக் கணக்கிடும் டிராக்கர் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது ஃப்ரீலான்ஸ் தளத்துக்குத் தகவல் அனுப்பும் என்பது நினைவில் இல்லை. ஏழு மணிக்கு விபிஎன்னை அணைத்தேன். ஏழே காலுக்கு வீட்டு வைஃபையிலிருந்து போனில் 640 டாலரை எடுக்கச் சொல்லிப் போட்டேன். இரவு பத்து மணிக்கு மெயில் வந்தது: கணக்கு ஆய்வில் இருக்கிறது, பணம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, அடையாளத்தையும் முகவரியையும் உறுதி செய்யுங்கள்.

உடனே உண்மையைத்தான் எழுதினேன். விபிஎன் வழியாக இந்திய சர்வரில் இருந்தேன், ஊரை விட்டு நகரவில்லை என்றேன். இரண்டு நாள் கழித்து, உங்கள் விளக்கம் எங்கள் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்று பதில் வந்தது. கணக்கின் உள்நுழைவுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். டர்பன், சிங்கப்பூர், மறுபடி டர்பன் என்று இருந்தது. சிங்கப்பூர்ப் பக்கம் நான் போனதே இல்லை.

காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு நாள் ஆனது. 2022 ஏப்ரலில் இந்தியாவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு உடன்படாத பல நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அப்புறம் சிங்கப்பூர், லண்டன் போன்ற இடங்களில் சர்வரை வைத்துக்கொண்டு இந்திய ஐபி கொடுக்க ஆரம்பித்தன. அதற்கு விர்ச்சுவல் சர்வர் என்று பெயர். நான் அழுத்திய "சென்னை" அப்படிப்பட்ட ஒன்று. செயலியில் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கிறது. மூன்று வருடமாக நான் அதைக் கவனிக்கவில்லை.

ஓர் ஐபி எந்த நாட்டுடையது என்று சொல்லும் பட்டியல்கள் பல இருக்கின்றன. சில, ஐபி-யின் உரிமையாளர் அறிவித்த நாட்டை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சில, தகவல் போய்த் திரும்பும் நேரத்தை அளந்து சர்வர் நிஜமாக எங்கே இருக்கிறது என்று கணிக்கும். அரசுத் தளம் பார்த்த பட்டியலில் நான் இந்தியன், ஃப்ரீலான்ஸ் தளம் பார்த்த பட்டியலில் சிங்கப்பூர்க்காரன். ஒரே மாலையில், ஒரே இணைப்பில்.

கோபமாக வந்தது. ஆனாலும் அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் ஃப்ரீலான்சர்கள் பலர் பயன்படுத்தும் பேயோனீர் நிறுவனம், அமெரிக்கக் கருவூலத்தின் தடைக் கண்காணிப்புப் பிரிவுக்குச் சுமார் 14 லட்சம் டாலர் கட்டி ஒரு விவகாரத்தை முடித்துக்கொண்டது. தடை உள்ள பகுதிகளில் இருப்பவர்களை ஐபி பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை என்பது அதில் சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. கணக்கு ஒரு நாட்டில், ஐபி வேறு நாட்டில், அரை மணி நேரத்தில் பணம் எடுப்பு என்றால் திருடன் புகுந்தபோதும் அப்படித்தான் தெரியும். நிறுத்திப் பார்ப்பது நியாயம்தான். நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நாலு நாள் மிச்சமாகியிருக்கும். அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாவது கடிதத்தில் நேரங்களை உலகப் பொது நேரமான யுடிசி-யில் எழுதினேன், ஏனென்றால் அவர்களின் பதிவு அதில்தான் இருக்கும். நம் நேரம் இரண்டு மணி முன்னால், 18:45 என்பது அங்கே 16:45. விபிஎன் செயலியில் சென்னை சர்வரும் அந்தச் சின்னக் குறியும் தெரியும் படத்தை இணைத்தேன். முகவரிக்குத் தண்ணீர்-கரண்ட் பில்லைக் கொடுக்க முடியவில்லை, அது வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. மூன்று மாதத்துக்குள் எடுத்த வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்தேன். அதில் ஃப்ளாட் எண் இல்லை. வங்கிக்குப் போய் முகவரியைத் திருத்தி, புது ஸ்டேட்மென்ட் வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வீட்டு இணைப்பிலிருந்து, வழக்கமான லேப்டாப்பிலேயே செய்தேன். பதினோராவது நாள் பணம் வந்தது. இடையில் ஒரு நண்பர் வேறு பெயரில் இன்னொரு கணக்கு திறக்கச் சொன்னார். திறந்திருந்தால் இரண்டும் போயிருக்கும். லேப்டாப்பும் வங்கிக் கணக்கும் ஒன்றுதான் என்பது அவர்களுக்கு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு இது. செயலியில் ஸ்ப்ளிட் டனலிங் என்று ஒன்று உண்டு. அதில் "தேர்ந்தெடுத்த செயலிகள் மட்டும் விபிஎன் வழியாக" என்பதை வைத்து, ஒரே ஒரு தனி பிரவுசரை மட்டும் சேர்த்திருக்கிறேன். அம்மாவின் ரசீதெல்லாம் அதில். வேலை பிரவுசரும் டிராக்கரும் எப்போதும் வீட்டு இணைப்பில். வைஃபை மாறினால் தானாக இணையும் ஆட்டோ-கனெக்டை அணைத்துவிட்டேன். கரண்ட் போய் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறும்போது, அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு விபிஎன் கேட்காமலே கிளம்பிவிடும். ஐபோனில் நம்மைப் போன்ற சாதாரணப் பயனருக்குச் செயலிவாரியாகப் பிரிக்க வழியில்லை. அதனால் போனில் விபிஎன்னையே எடுத்துவிட்டேன்.

பணம் எடுக்கும் முன் வேலை பிரவுசரிலேயே `ipinfo.io/country` என்று அடித்துப் பார்க்கிறேன். தென்னாப்பிரிக்காவின் குறியீடான `ZA` வர வேண்டும். `ipinfo.io/org` என்றால் நம் இணைய நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். சர்வரை வாடகைக்கு விடும் ஏதோ ஹோஸ்டிங் கம்பெனி பெயர் வந்தால் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை வேறு பிரவுசரில் பார்த்துப் பயனில்லை, பிரித்துவைத்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பாதை. ஜோகன்னஸ்பர்க் சர்வரைப் போட்டுக்கொண்டால் போதாதா என்று தம்பி கேட்டார். நாடு சரியாக வரும், ஆனால் அது டேட்டா சென்டர் ஐபி. அதே ஐபி-யில் உங்களோடு முன்பின் தெரியாத நூறு பேர் இருக்கலாம், அதில் ஒருவர் மோசடிக்காரராகவும் இருக்கலாம். ஊருக்கு நிஜமாகவே போனால், போகும் முன் தளத்துக்கு எழுதிவிட்டு, அங்கிருக்கும் இணைப்பிலேயே உள்ளே போவதுதான் சரி. டர்பனில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை.

நல்ல விபிஎன்தான். இவ்வளவு எழுதிய பிறகும் அதன் வேலையில் என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனாலும் தம்பி, வேலை லேப்டாப்புக்கு வாங்காதீர்கள். எனக்கு மார்ச்சில் சந்தா முடிகிறது. வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது, அதில் மட்டும் போட மாதச் சந்தா எடுத்துக்கொள்வேன், அதுவும் அம்மாவுக்கு வரி கட்ட வேண்டிய மாதங்களில் மட்டும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் இரண்டு வருடத்துக்கு எடுக்க மனம் வரவில்லை.