சூடு பட்ட கைக்கு எது: குழாய்த் தண்ணீரா, ஐஸா, பேஸ்டா?

பொரித்துக்கொண்டிருக்கும்போது எண்ணெய் தெறித்து முன்கையில் விழுகிறது. இரண்டு நாணயம் அகலத்துக்குத் தோல் சிவந்து, சுரீரென்று எரிகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள்: ஐஸ் வை, பேஸ்ட் தடவு, வெண்ணெய் போடு, குழாயில் காட்டு. இந்த நான்கையும் ஒரே கேள்வியால் அளந்துவிடலாம். தோலுக்குள் இறங்கிய சூட்டை இது வெளியே எடுக்கிறதா?

எண்ணெயைத் துடைத்த பிறகும் தோல் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். மேல்தோலில் பட்ட சூடு அடுத்த அடுக்குக்கும் இறங்கும். மேலோடு நின்றிருக்க வேண்டிய காயம் ஆழமாவது இப்படித்தான்.

அந்தச் சூட்டைச் சரியாக எடுப்பது ஓடும் குழாய்த் தண்ணீர். தோலிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் வழிந்து போய்விட, அடுத்து குளிர்ந்த தண்ணீர் வந்து சேர்கிறது. கிண்ணத்தில் கையை முக்கினால் அந்தத் தண்ணீரே வெதுவெதுப்பாகிவிடும். குழாய் இல்லாவிட்டால் அடிக்கடி மாற்ற வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் தணிந்ததும் கையை எடுத்துவிடுகிறோம். வேண்டியது 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், அது நினைப்பதைவிட நீண்ட நேரம். உடனே செய்ய முடியாமல் போனாலும், சுட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. கை தண்ணீரில் இருக்கும்போதே வளையல், கடிகாரம், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்றுவது பெரும்பாடு.

ஐஸும் சூட்டை எடுக்கத்தான் செய்கிறது, ஆனால் அளவு மீறி எடுக்கிறது. கடுங்குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். சுட்ட இடத்தைச் சுற்றி, பாதி சேதமாகிப் பிழைக்கலாமா வேண்டாமா என்று நிற்கும் திசு ஒன்று இருக்கிறது. அதற்கு ரத்தம் குறைந்தால் அதுவும் செத்துப்போகும். மரத்துப்போன தோலில் வலி தெரியாததால், குளிரால் வரும் புண்ணும் சேர்ந்துகொள்ளும். ஃப்ரிட்ஜ் தண்ணீர்கூட வேண்டாம், குழாயில் வரும் குளிர்ச்சியே போதும்.

பேஸ்ட் விஷயம் இன்னும் சுவாரசியமானது. தடவியதும் ஜில்லென்று இருக்கிறதே என்பார்கள். அந்த ஜில், பேஸ்டில் இருக்கும் மென்தால் செய்யும் வேலை. குளிரை உணரும் நரம்பை அது தூண்டிவிடுகிறது. தோலின் சூடு அப்படியேதான் இருக்கிறது. சூடு தணிந்துவிட்டதாக நாம் நம்பிவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து. அது காய்ந்து ஒட்டிக்கொண்டால் மருத்துவர் காயத்தைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

வெண்ணெயும் எண்ணெயும் சூடான தோலுக்கு மேல் மூடி போட்டதுபோல. சூடு வெளியேறும் வழியை அடைக்கும், சுத்தமும் இல்லை. மாவு, மஞ்சள் போன்ற பொடிகள் காயத்தின் நிறத்தையே மறைத்துவிடும். ஆழம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க அந்த நிறம்தான் வேண்டும்.

20 நிமிடம் முடிந்ததும் மெதுவாக ஒற்றி எடுத்து, ஒட்டாத சுத்தமான கட்டுத்துணியால் தளர்வாக மூடினால் போதும். உணவைச் சுற்றி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் பயன்படுத்தலாம். கையைச் சுற்றி இறுக்காமல், மேலே படர விடுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். உடையாத அந்தத் தோல்தான் கிருமி உள்ளே போகாமல் தடுக்கிறது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா, மருத்துவரிடம் போவதா என்பதில் வலியை மட்டும் நம்பக் கூடாது. சிவந்து, ஈரமாக, கடுமையாக எரியும் காயம் பெரும்பாலும் மேலோட்டமானது. வெளுத்தோ, பழுப்பாகவோ, கருகியோ இருந்து தொட்டாலும் வலிக்காத காயம்தான் மோசம், நரம்பே வெந்திருக்கலாம். காயம் அடிபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் போய்விடுங்கள். முகம், கைவிரல்கள், பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளம் வந்தாலும், குழந்தைக்கோ முதியவருக்கோ சர்க்கரை நோயாளிக்கோ பட்டாலும் காத்திருக்க வேண்டாம். மின்சாரத்தாலோ ரசாயனத்தாலோ பட்ட காயமும் அப்படித்தான். எந்தக் காயமானாலும் புறப்படும் முன் குளிர்விப்பதைத் தொடங்கிவிடுங்கள். பெரிய காயமென்றால் மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள்.

நம் முன்கைக் காயம் இவை எதிலும் அடங்காது, வீட்டிலேயே ஆறலாம். ஆனால் இரண்டு மூன்று நாளில் வலி குறையாமல் கூடினாலோ, சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ காட்ட வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் அதேதான். போகும்போது கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு போங்கள், அதைக் கேட்பார்கள்.