மூன்று லிட்டர் கணக்கு: தேங்காய் எண்ணெயோடு பதினான்கு மாதம்

காரைக்குடியில் வீட்டில் நாங்கள் மூன்று பேர். தினமும் காலையில் கண்டனூர்ப் பக்கம் எட்டு கிலோமீட்டர் ஓடுவேன். 'தேங்காய் எண்ணெய் உடனே சக்தியாகிவிடும், கொழுப்பாகத் தங்காது' என்று ஓட்டக் குழுவில் ஒருவர் சொன்னதை நம்பி, தாளிப்பதில் இருந்து வறுவல் வரை எல்லாவற்றுக்கும் செக்குத் தேங்காய் எண்ணெய்க்கே மாறினோம்.

வாசம் பிரமாதம். ஆனால் பதினான்கு மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 118-இல் இருந்து 146 ஆகியிருந்தது. நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்.லும் 44-இல் இருந்து 48 ஆனது என்று நான் குஷியாகச் சொல்ல, "அது ஏறினதுக்காக இதை மன்னிக்க முடியாது" என்றார் டாக்டர்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். மாதம் மூன்று லிட்டர், அதாவது ஆளுக்கு ஒரு லிட்டர். ஒரு நாளைக்கு 33 மில்லி, சுமார் 30 கிராம். அதில் எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 26 கிராம். மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் நிறைவுற்ற கொழுப்பு இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2400 கலோரி சாப்பிடும் எனக்கு அது 26, 27 கிராம்தான். பால், தயிர், சட்னித் தேங்காய் எதையும் சேர்க்கும் முன்பே எண்ணெயே அதைத் தின்றுவிட்டது.

'உடனே சக்தி' என்ற பேச்சு, எட்டு, பத்து கார்பன் கொண்ட கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்து விற்கும் எம்.சி.டி. எண்ணெய்க்குப் பொருந்தும். தேங்காய் எண்ணெயில் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்டப் பாதி பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்ற கொழுப்பு போகும் வழியிலேயே போகிறது. 2020-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் இது எல்.டி.எல்.லைச் சராசரியாகப் பத்துப் புள்ளி கூட்டியது. எனக்கு 28 ஏறியதற்கு, ஓடுகிறோமே என்ற தைரியத்தில் கூடிப்போன வறுவலும் காரணமாக இருக்கலாம்.

ஆத்தா கேட்டதுதான் சரி: "நம்ம வீட்டுல குழம்புக்கு நல்லெண்ணெய், தேங்காயை அரைச்சுல ஊத்துவோம்?"

இப்போது அப்படியே. தாளிக்க நல்லெண்ணெய், கடலை எண்ணெய். பொரியலுக்கு மட்டும் எனக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், நிறைவுற்ற கொழுப்பு நான்கு கிராம். தராசில் நிறுத்தால் ஒரு மூடித் தேங்காய்த் துருவல் 120 கிராம் வருகிறது. என் பங்கு 40, அதில் நிறைவுற்ற கொழுப்பு 12 கிராம். மீதி பத்து கிராம் தாளிக்கும் எண்ணெய்க்கும் பாலுக்கும் தயிருக்கும். துருவலாகச் சாப்பிட்டால் நாரும் உள்ளே போகும். பால் பணியாரத்துக்குப் பிழிந்தால் சக்கை துணியிலேயே நின்றுவிடுகிறது, கொழுப்பு பாலோடு இறங்குகிறது. அதனால் அது விசேஷத்துக்கு மட்டும். ஓடப்போகும் முன் சாப்பிட்டால் வயிறு கனக்கும், அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐந்து மாதத்தில் எல்.டி.எல். 122. அடுத்த பரிசோதனை தைக்குப் பிறகு.