எண்பதாயிரம் கொடுத்து வாங்கிய பொய்ச் சான்றிதழ்: ஆய்வகத் தராசு கேலிப்ரேஷனுக்கு ஆள் வைக்கும் முன் இதைப் படியுங்கள்

எண்பதாயிரம். ஐந்து அனலிட்டிகல் பேலன்ஸுக்கு வருடாந்திர கேலிப்ரேஷனும் சர்வீஸும் சேர்த்து. பணம் போய்விட்டது, கையில் இருப்பது ஐந்து சான்றிதழ், அதில் நான்கு வெறும் காகிதம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. தராசுகளை நேரில் வந்து சோதித்துச் சான்றிதழ் தரும் ஒரு சர்வீஸ் நிறுவனம், அவ்வளவுதான்.

இந்த எண்பதாயிரத்தை நிர்வாகத்திடம் வாங்குவதே பெரும்பாடு. "தராசுதான் நன்றாக ஓடுகிறதே, தினமும் நீங்களே எடைக்கல் வைத்துப் பார்க்கிறீர்களே" என்று முதல் கடிதம் திரும்பி வந்தது. இரண்டாவது கடிதத்தில் தரம், நம்பகத்தன்மை என்றெல்லாம் எழுதாமல் ஒரே ஒரு கணக்கை மட்டும் போட்டேன். எங்கள் தராசு ஒன்றில் ஒரே எடைக்கல்லைப் பத்து முறை வைத்து எடுத்ததில், அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 0.06 மில்லிகிராம் வந்தது. அமெரிக்க மருந்துத் தரநூலான யுஎஸ்பியின் 41ஆம் அத்தியாயப்படி, இந்த விலக்கத்தின் இரண்டு மடங்கு, நாம் எடுக்கும் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 0.06ஐ 2000ஆல் பெருக்க வேண்டும், 120 மில்லிகிராம். அதற்குக் குறைவாக அந்தத் தராசில் துல்லியமாக நிறுக்க முடியாது. நாங்களோ அதில் 100 மில்லிகிராம் ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டை நிறுத்துக்கொண்டிருக்கிறோம். தினசரிச் சோதனையில் ஒரு கல்லை ஒரு முறை வைத்தால் இது தெரியவே தெரியாது. இந்தக் கணக்கைப் பார்த்ததும் கையெழுத்து விழுந்தது.

கொட்டேஷன் கேட்டோம். இந்த நிறுவனம், சோதனை, கேலிப்ரேஷன் ஆய்வகங்களுக்கான தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 அங்கீகார எண்ணோடு அனுப்பியது. வந்தவர் பேச்சும் வேலையும் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். முதல் தராசை எங்கள் கண்முன்னே செய்தார். கையுறை போட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்து, எடைக்கற்களைச் சற்று நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, இடுக்கியால் எடுத்து வைத்தார். பத்து முறை வைத்து எடுத்தார், தட்டின் நடுவிலும் நான்கு ஓரத்திலும் வைத்துப் பார்த்தார், ஒவ்வொன்றையும் எழுதினார். "எல்லாத் தராசுக்கும் இப்படித்தான் சார், நேரம் எடுக்கும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்" என்றார். நம்பி அவரவர் மேசைக்குப் போனோம். மீதி நான்கும் மதியத்துக்குள் முடிந்திருந்தன. ஜாப் ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார், பின்னாலேயே பில் வந்தது, எண்பதாயிரமும் போனது.

சான்றிதழ் வந்ததும் எங்கள் தரப்பிரிவுப் பெண் மூன்றாம் தராசுடையதையும் நான்காம் தராசுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பத்து அளவீடுகளும், நான்காம் தசம இடம் வரை, அதே வரிசையில், இரண்டிலும் ஒன்றாக இருந்தன. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் இரண்டு தனித்தனித் தராசுகளில் அப்படி வரவே வராது, ஏசிக் காற்று லேசாகப் பட்டாலே கடைசி இலக்கம் ஆடும். இன்னொன்றில் "அட்ஜஸ்ட் செய்யப்பட்டது" என்று எழுதியிருக்கிறது, ஆனால் சரிசெய்வதற்கு முன் எடுத்த அளவும் பின் எடுத்த அளவும் ஒன்றே. அப்படியென்றால் எதைச் சரிசெய்தார்?

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று நான்காம் தராசில் எங்களிடம் உள்ள 100 கிராம் எடைக்கல்லை வைத்தோம். நடுவில் 100.0001. வலது பின் ஓரத்தில் 100.0013. 1.2 மில்லிகிராம் வித்தியாசம். சான்றிதழிலோ ஓரப் பிழை 0.1 மில்லிகிராம் என்று இருக்கிறது. ஃபிளாஸ்க்கை எப்போதும் அச்சு அசலாக நடுவில் வைக்க யாராலும் முடியாது, அதனால் இந்தப் பிழை நேராக எங்கள் முடிவுகளுக்குள் வந்துவிடும். அப்புறம் தட்டைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் பழைய வெள்ளைப் பொடி அப்படியே கட்டியாக ஒட்டியிருக்கிறது. சர்வீஸ் ரிப்போர்ட்டில் "உட்புறம் சுத்தம் செய்யப்பட்டது" என்று டிக். அவர் தட்டைக் கூடத் தூக்கவில்லை! உள்ளே இருக்கும் எடையால் தராசு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் பட்டனை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். அது கேலிப்ரேஷனே இல்லை, அதை நாங்களே தினமும் காலையில் செய்கிறோம். அந்த வசதி ஓரப் பிழையைக் கண்டுபிடிக்கவும் செய்யாது, சரிசெய்யவும் செய்யாது.

போன் செய்தோம். "சாஃப்ட்வேரில் காப்பி ஆகிவிட்டது சார், திருத்தி அனுப்புகிறேன்." அனுப்பினார்கள். என் ரத்தம் கொதித்தது இதைப் பார்த்துத்தான். திருத்திய சான்றிதழில் பத்துப் புது எண்கள்! யாரும் வரவில்லை, தராசை யாரும் தொடவில்லை, எண்கள் மட்டும் எங்கிருந்து வந்தன? அன்று கையால் எழுதிய அளவீட்டுத் தாளைக் கேட்டேன். "அது எங்கள் உள் ஆவணம், தர முடியாது." மறுபடி கேட்டால், "ஜாப் ஷீட்டில் உங்கள் ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே." ஓரப் பிழையைச் சொன்னால், "நாங்கள் போனபிறகு யாராவது தராசை நகர்த்தியிருப்பார்கள், திரும்ப வரவேண்டுமானால் விசிட் சார்ஜ் தனி." எண்பதாயிரம் வாங்கியவர்கள், விசிட் சார்ஜ் கேட்கிறார்கள். இப்போது போனையே எடுப்பதில்லை.

அங்கீகார எண் உண்மையானதுதான், அதுதான் இன்னும் எரிச்சல். அங்கீகார அமைப்பின் தளத்தில், எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று சொல்லும் அவர்கள் ஸ்கோப்பைத் திறந்து பார்த்தால், 1 மில்லிகிராம் வரை காட்டும் தராசுகளுக்கு மட்டும்தான் அனுமதி. எங்களுடையது அதைவிடப் பத்து மடங்கு நுணுக்கமானது. அந்த அமைப்புக்கு இரண்டு சான்றிதழ்களையும், "திருத்திய" சான்றிதழையும் வைத்துப் புகார் அனுப்பியாயிற்று. அந்த நான்கு தராசுகளிலும் சிவப்பு டேக் தொங்குகிறது, அவை தொட்ட முடிவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமும் இல்லை பொறுமையும் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணைப் பார்க்காதீர்கள், ஸ்கோப்பைத் திறந்து உங்கள் தராசின் நுணுக்கம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுவரும் எடைக்கற்கள் எந்தத் துல்லிய வகுப்பு, அவற்றின் சொந்தச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று கேளுங்கள். 200 கிராம் கல்லில் இ2 வகுப்புக்கு அனுமதித்த பிழை 0.3 மில்லிகிராம், எஃப்1க்கு 1 மில்லிகிராம், எதைக் கொண்டு எதைச் சோதிக்கிறார்கள் என்பது அதிலேயே தெரியும். ஒவ்வொரு தராசின் பக்கத்திலும் உங்கள் ஆள் ஒருவர் நிற்கட்டும், எழுதும் தாளை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரிசெய்வதற்கு முந்தைய அளவு இல்லாத சான்றிதழுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நான் மூன்றாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் எண்பதாயிரம் போனபிறகு இன்னொன்று கேட்க வேண்டும். இந்த முறை கடைசிப் பத்தியில், அளவீட்டுத் தாளின் நகல் கைக்கு வந்து தரப்பிரிவு சரிபார்த்த பிறகே பில்லைப் பாஸ் செய்ய வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே போடச் சொல்லியிருக்கிறேன்.