பிறந்த குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய்: 14 மாத அனுபவம்

என் மகள் பொள்ளாச்சியில், என் தாய்வீட்டில் வளர்ந்த முதல் மூன்று மாதங்களில் தொடங்கிய எண்ணெய்ப் பழக்கம் இது. நிறைமாதத்தில், நல்ல எடையுடன் பிறந்தவள் என்பதால் இந்த அனுபவம் அத்தகைய குழந்தைகளுக்கே பொருந்தும். குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது, அதற்கு மருத்துவர் சொன்ன பிறகே எதையும் தடவ வேண்டும். தொப்புள்கொடி பன்னிரண்டாம் நாள் விழுந்தது. அந்த இடம் நன்றாகக் காயும்வரை நான் எண்ணெயைத் தொடவில்லை.

முதலில் கையில் கிடைத்தது பரிசாக வந்த, நறுமணம் சேர்த்த தேங்காய் எண்ணெய். அதில் இரண்டு சொட்டை இடது தொடையின் வெளிப்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி, வலது தொடையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறுமனே விட்டேன். மறுநாள் எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் அதே இடத்தில் இன்னொரு முறை தடவினேன். இரண்டாம் நாள் மாலையில் அந்த வட்டத்துக்குள் மட்டும் மெல்லிய சிவப்பும் மணல்போன்ற சிறு பருக்களும் தெரிந்தன. பிறந்த முதல் இரண்டு வாரங்களில் குழந்தைகளுக்குச் சிவப்புத் திட்டுகள் தாமாகவே தோன்றி, இடம் மாறி மறைவது இயல்பு என்பதால், எண்ணெயைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்தச் சிவப்பு தடவிய எல்லைக்குள்ளேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். என் மகளுக்கு நின்றது. அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிட்டு, தோல் தெளிந்த பிறகு வாசனை சேர்க்காத செக்கு எண்ணெயை முன்கையின் உட்புறத்தில் மூன்று நாள் தொடர்ந்து சோதித்தேன், எதுவும் வரவில்லை. ஒவ்வாமை தாமதித்தும் வரக்கூடும் என்பதால் ஒரே நாள் பேட்ச் டெஸ்ட் போதாது என்பது என் உறுதியான கருத்து. புதிய பாட்டில் வாங்கும்போதும் சோதிக்கிறேன். கொப்பரையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை போடும் வழக்கம் இருப்பதால், எண்ணெய் எடுக்கும் கொப்பரை எப்படிக் காய்ந்தது என்று செக்குக்காரரிடம் கேட்டே வாங்குகிறேன்.

நீவுவதற்கு உடல் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். பால் குடித்து முக்கால் மணி நேரம் கழிந்த பிறகு, மின்விசிறியை நிறுத்தி, தரையில் விரித்த பாயில் கிடத்துவேன். எண்ணெய் பட்ட குழந்தை வழுக்கும், ஆகவே கட்டிலோ மடியோ வேண்டாம். மார்கழியில் எண்ணெய் உறைந்தால் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளக்கி, என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். கால்களில் தொடங்கி, பாதத்திலிருந்து தொடை நோக்கி உள்ளங்கையால் நீவி, பிறகு கைகள், நெஞ்சு, கடைசியில் முதுகு. வயிற்றில் கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாக வட்டமிடுவேன். முதுகெலும்பின் இரு பக்கங்களில் மட்டுமே கை செல்லும், உச்சிக்குழியில் அழுத்தவே மாட்டேன். கூச்சமூட்டும் அளவுக்கு லேசாக வருடினால் குழந்தை சிணுங்குகிறது; தோல் சற்றே அமிழும் அழுத்தம் அவளுக்குப் பிடித்தது. பத்து நிமிடத்துக்கு மேல் நான் நீட்டுவதில்லை, முகத்தைத் திருப்பினாலோ முதுகை வளைத்தாலோ அத்துடன் நிறுத்திவிடுவேன். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பிறகு ஊசி போட்ட தொடையை இரண்டு நாள் தொடவில்லை.

வீட்டில் எழுந்த ஒரே கருத்து வேறுபாடு மூக்கைப் பற்றியது. “ரெண்டு சொட்டு மூக்குல விட்டாத்தான் சளி வராது, அம்மிணி” என்றார் அம்மாயி. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். காதில் எண்ணெய் விடுவது, மார்புக்காம்பைப் பிதுக்குவது ஆகியவற்றையும் அன்றே விட்டோம். பிதுக்கிய மார்பில் சீழ் கட்டி அறுவை வரை போன குழந்தைகள் உண்டு.

பலனைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் உரிந்த தோல் எண்ணெய் இல்லாமலும் சரியாகியிருக்கும். உண்மையான வேறுபாட்டைக் குளிர்காலத்தில், கணுக்காலுக்கு மேல் வெள்ளையாகப் பொரிந்த தோலில் கண்டேன். குளித்தவுடன், ஈரம் முழுவதும் உலர்வதற்கு முன் மெல்லிய பூச்சாகத் தடவியதில் ஒரு வாரத்துக்குள் சொரசொரப்பு அடங்கியது. எண்ணெய்ப் படலம் நீர் ஆவியாவதைத் தடுப்பதே இதற்குக் காரணம். நிறம் மாறவில்லை, மாறவும் மாறாது.

சித்திரை வெயிலில் அதே எண்ணெய் தொல்லையானது. கழுத்து மடிப்பில் எண்ணெயும் வேர்வையும் தேங்கி வேர்க்குரு பொங்கியது. மடிப்புகளுக்குத் தடவுவதை நிறுத்தி, நீவிய அரை மணி நேரத்துக்குள் குளிப்பாட்டியதும் நான்கு நாளில் அடங்கிவிட்டது. தலையில் மஞ்சள் பொருக்கு வந்தபோதும் எண்ணெயை ஊறவைத்து, இருபது நிமிடத்தில் மென்மையான சீப்பால் தளர்த்திக் கழுவிவிட்டேன். கழுவாமல் விட்டால் அங்கே வளரும் பூஞ்சைக்கு அந்த எண்ணெயே உணவாகிவிடும். நீர் கசியும் புண், பரவும் சிவப்பு, அரிப்பால் தூங்காத இரவு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் எண்ணெயை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்போது அவள் பாயில் ஒரு நிமிடம்கூடப் படுப்பதில்லை. குளித்த பிறகு நிற்கவைத்து, கெண்டைக்காலுக்கும் முழங்கைக்கும் மட்டும் நான்கைந்து சொட்டு தடவுகிறேன். வெயில் காலத்தில் அதுவும் இல்லை.