டியூஷன் மைய விளம்பரம்: தூரத்தை இறுக்குவதா, வயதையா, ஆர்வத்தையா?

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் மாலை நேரத்தில் சொல்லித்தரும் ஒரு மையத்தை எடுத்துக்கொள்வோம். புதிய பிரிவில் 12 இடங்கள் இருக்கின்றன. விளம்பரத்துக்கு ஒதுக்க முடிந்த தொகைக்கு, இரண்டு வாரங்களில் ஏறத்தாழ 24,000 முறை விளம்பரம் திரையில் காட்டப்படும் என்று வைத்துக்கொள்வோம். யாருக்குக் காட்டுவது என்பதைத் தீர்மானிக்க ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரக் கணக்கில் மூன்று வடிகட்டிகள் கிடைக்கின்றன: தூரம், வயது, ஆர்வம். புதிதாக விளம்பரம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மூன்றையுமே இறுக்கிவிடுகிறார்கள், அல்லது ஆர்வத்தை மட்டும் நுணுக்கமாகத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தூரத்தை ஊர் முழுவதற்கும் திறந்துவிடுகிறார்கள். இரண்டிலுமே பணம் வீணாகிறது. எப்படி வீணாகிறது என்பதுதான் வேறுபடுகிறது.

தூரத்தை முதலில் பார்ப்போம். 3 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர கிலோமீட்டர். ஆரத்தை 10 கிலோமீட்டராக்கினால் பரப்பு 314 ஆகிவிடுகிறது, அதாவது 11 மடங்கு. சிறிய வட்டத்துக்குள் நமக்குத் தேவையான வயதில் 8,000 பேர் இருந்தால், 24,000 காட்சிகள் ஆளுக்கு மூன்று முறை வரும். மையத்தின் பெயர் மனத்தில் பதிய அது போதும். பெரிய வட்டத்தில், மக்கள் நெருக்கம் ஒரே அளவில் இருந்தால், 88,000 பேர் வந்துவிடுவார்கள்; முக்கால்வாசிப் பேர் விளம்பரத்தைப் பார்க்கவே மாட்டார்கள். பார்க்கும் மீதிப் பேரும் மையத்துக்கு அருகில் இருப்பவர்கள் என்று சொல்ல முடியாது. யார் பதில் தருவார்கள் என்று தோன்றுகிறதோ அவர்களைத் தேடித்தான் தளம் செலவு செய்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை மாலை ஆறு மணி வகுப்புக்கு எப்படி வந்து சேரும் என்பது அதன் கணக்கில் இல்லை.

இதனால் வரும் ஏமாற்றம் அறிக்கையில் தெரியாது. ஒரு விசாரணைக்கு ஆகும் செலவு குறைந்திருப்பதாக அறிக்கை காட்டும்; விசாரணைகளும் கூடியிருக்கும். உண்மை தெரிய வேண்டுமானால், தொலைபேசியில் வரும் ஒவ்வொரு விசாரணைக்கும் எதிரே, வீட்டிலிருந்து மையத்துக்கு வர எத்தனை நிமிடம் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் சொல்பவர்களில் எத்தனை பேர் மாதிரி வகுப்புக்கு வந்தார்கள் என்று ஒரு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால், எந்தத் தூரத்துக்கு மேல் பணம் போட வேண்டாம் என்பது கண்ணெதிரே இருக்கும்.

வட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. வட்டத்துக்குப் பாதை தெரியாது. நடுவில் ஒரு ரயில் பாதையோ ஆறோ ஓடினால், வரைபடத்தில் 2 கிலோமீட்டர் என்பது சாலையில் 6 கிலோமீட்டராக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே பெரிய வட்டத்துக்குப் பதிலாக, பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைச் சுற்றி இரண்டு மூன்று சிறிய வட்டங்களை வரைவதும், அக்கரைப் பகுதியை விலக்குப் பட்டியலில் சேர்ப்பதும் நல்லது. கூகுள் விளம்பரத்தில் இன்னொரு கவனம் தேவை. அங்கே இட அமைப்பு இயல்பாகவே "Presence or interest" என்று இருக்கும். உங்கள் பகுதியைப் பற்றி எங்கிருந்தோ தேடுபவரும் அதில் சேர்ந்துவிடுவார். அதை "Presence" என்று மாற்றாவிட்டால், வட்டம் வரைந்ததன் பயன் பாதியாகிவிடும்.

வயது அடுத்தது. இங்கே முடிவு செய்ய வேண்டியது பிள்ளையின் வயதையா, பெற்றோரின் வயதையா என்பது மட்டுமே. 13 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு விளம்பரம் காட்டினால் கட்டணம் செலுத்துபவர் அதைப் பார்ப்பதில்லை. மேலும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஆர்வத்தைக் கொண்டு தேர்ந்தெடுக்க, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா 2021 முதல் இடம் தருவதில்லை. 2023 முதல் பாலினமும் போய், வயதும் இடமும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ஆகவே பெற்றோரைக் குறிவைப்பதே சரி. 35 முதல் 52 வரை என்று தாராளமாக வைத்தால் போதும். 38 முதல் 44 என்று இறுக்குவதில் லாபம் இல்லை, ஏனென்றால் கணக்கில் பதிந்த வயது பலருக்குச் சரியாக இருப்பதில்லை. கூகுளில் "Unknown" என்றொரு வயதுப் பிரிவு உண்டு. வயது தெரியாதவர்கள் எதற்கு என்று அதை நீக்கினால், அவர்களோடு கணிசமான பெற்றோரும் வெளியேறிவிடுவார்கள். அதை விட்டுவைப்பதே நல்லது. "Advantage+ audience" என்ற அமைப்பில் நீங்கள் தரும் வயதெல்லையை மெட்டா ஒரு பரிந்துரையாகத்தான் எடுத்துக்கொள்கிறது, இடத்தையோ கட்டாயமாக மதிக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆர்வம் பார்க்கும்போது மிகவும் கவர்ச்சியாக இருக்கும், சிறிய தொகைக்கு மிகக் குறைவாகவே உதவும். கல்வி, கணிதம் போன்ற ஆர்வங்களைத் தேர்ந்தெடுத்தால் ஆசிரியர்களும், வேலைத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும், போட்டி மையங்களை நடத்துபவர்களும் சேர்ந்தே வருவார்கள். வளரிளம் பிள்ளைகளின் பெற்றோர் என்ற பிரிவு ஓரளவு பொருத்தமானது. ஆனால் அது தளத்தின் ஊகம்தான், அதில் சேராத பெற்றோர் ஏராளம். நமது 3 கிலோமீட்டர் வட்டத்தில் இருந்த 8,000 பேர், இந்தப் பிரிவைச் சேர்த்ததும் 900 ஆகச் சுருங்கினால் என்ன நடக்கும்? அதே 24,000 காட்சிகள் ஆளுக்கு 26 முறைக்கு மேல் விழும், அல்லது தொகை முழுவதும் செலவாகாமலே நிற்கும். அறிக்கையில் "Frequency" என்ற கட்டம் முதல் வாரத்திலேயே எட்டையோ பத்தையோ தொட்டால், இதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம். விளம்பரத்தை மறைப்பவர்களும் அப்போது கூடுவார்கள்.

ஆர்வம் செய்ய வேண்டிய வேலையை விளம்பர வாசகமே செய்துவிடும். "எட்டு முதல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், மாலை ஆறு முதல் ஏழரை வரை" என்பது முதல் வரியில் இருந்தால், அந்த வகுப்பில் பிள்ளை இல்லாதவர் தானாகவே கடந்துபோவார், இருப்பவர் நின்று படிப்பார்.

ஆகவே என் தேர்வு: தூரத்தை இறுக்கு, வயதைத் தளர்த்து, ஆர்வத்தைத் தொடாதே. இந்த மூன்றையும் தனித்தனி விளம்பரத் தொகுப்புகளாக ஒரே நேரத்தில் ஓடவிட்டுச் சோதிக்கலாமே என்று தோன்றும். சிறிய தொகைக்கு அது ஒத்துவராது. ஒரு தொகுப்பு நிலைபெற, ஒரு வாரத்தில் ஏறத்தாழ 50 விளைவுகள் வேண்டும் என்பது மெட்டாவின் அளவுகோல். மொத்தமாகவே 30 விசாரணைகள் வரும் இடத்தில், அதை மூன்றாகப் பிரித்தால் ஒன்றும் தேறாது. ஒன்றில் 12, இன்னொன்றில் 8 என்று வந்தாலும், அவ்வளவு சிறிய எண்களில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே இருக்கக்கூடும்.

ஒரே தொகுப்பை ஏழு நாள் கைவைக்காமல் ஓடவிட்டு, எட்டாம் நாள் நோட்டையும் "Frequency" கட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வந்தவர்கள் எல்லோரும் கால் மணி நேரத் தொலைவில் இருந்து, காட்சிகளும் ஆளுக்கு ஐந்தைத் தாண்டியிருந்தால், ஆரத்தை 3-லிருந்து 4 கிலோமீட்டராக்கினால் போதும். அந்த ஒரு கிலோமீட்டரே பரப்பை 28-லிருந்து 50 சதுர கிலோமீட்டராக்கிவிடுகிறது.