மாத்திரை டெலிவரி: ஸ்கிப்பா, தேதி மாற்றமா, ரத்தா?

மருந்துக்கடைச் செயலியில் போட்ட சந்தா திட்டப்படி அம்மாவின் பிரஷர் மாத்திரை எங்கள் வீட்டுக்குத் தானாக வரும். டெல்மிசார்ட்டன் 40, பதினைந்து மாத்திரை ஸ்ட்ரிப் இரண்டு. நாளைக்கு ஒன்று வீதம் 30 நாளுக்குச் சரியாக இருக்கும். ஆனால் திட்டம் போடும்போது 'நான்கு வாரத்துக்கு ஒருமுறை' என்று கொடுத்திருந்தேன். நான்கு வாரம் என்றால் 28 நாள். ஒவ்வொரு முறையும் இரண்டு மாத்திரை மிஞ்ச, ஏழு டெலிவரியில் 14 சேர்ந்துவிட்டது.

ஜூன் 12 இரவு டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். 22 இருந்தது. 13ஆம் தேதியிலிருந்து கணக்குப் போட்டால் ஜூலை 4 வரை போதும். அடுத்த டெலிவரியோ ஜூன் 20.

கை முதலில் போனது ஸ்கிப் பட்டனுக்குத்தான். அழுத்தும் முன் அடுத்த தேதியைப் பார்த்தது நல்லதாயிற்று. ஸ்கிப் செய்தால் அடுத்த பார்சல் ஜூலை 18. ஜூலை 5 முதல் 17 வரை, 13 நாளுக்கு அம்மாவிடம் மாத்திரையே இருக்காது. ஸ்கிப் ஒரு முழுச் சுற்றையே தாண்டிவிடும். கையில் ஒரு சுற்று அளவுக்கு மீதம் இருந்தால் மட்டுமே அது சரிப்படும். என்னிடம் இருந்தது பாதிச் சுற்று. அதனால் டெலிவரி தேதியை ஜூன் 30க்கு மாற்றி, இடைவெளியை 30 நாளாக்கினேன். தேதி மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில செயலிகளில் அந்த ஒரு டெலிவரி மட்டும் தள்ளிப்போகும், அதற்கடுத்தது பழைய கணக்குப்படியே வந்து நிற்கும். மாற்றியபின் அடுத்த இரண்டு தேதிகளையும் பார்த்துவிடுங்கள்.

ரத்து செய்யாமல் விட்டதற்கு ஆகஸ்டில் அனுபவித்தேன். டாக்டர் மருந்தை மாற்றி, டெல்மிசார்ட்டன் 40 உடன் அம்லோடிபின் 5 சேர்ந்த ஒரே மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். அதைப் பக்கத்துக் கடையில் வாங்கிவிட்டு, அந்த மாதத்துக்கு மட்டும் பழையதை ஸ்கிப் செய்தேன். அடுத்த மாதம் பழைய மருந்து வழக்கம்போல வந்தது. அம்மா இரண்டு ஸ்ட்ரிப்பிலிருந்தும் ஒவ்வொன்று பிரித்துத் தட்டில் வைத்திருந்தார். அப்படிப் போட்டிருந்தால் டெல்மிசார்ட்டன் இரட்டிப்பாகி பிரஷர் அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம். மருந்தோ அளவோ மாறினால் ஸ்கிப் பக்கமே போகக்கூடாது; பழையதை ரத்து செய்துவிட்டு, புதுச் சீட்டை ஏற்றிப் புதிதாகப் போடுவதுதான் சரி.

ரத்து செய்வதிலும் நேரம் முக்கியம். செயலி காட்டுவது டெலிவரி தேதி. ஆர்டர் அதற்குச் சில நாள் முன்பே உருவாகிவிடும். என் கடையில் மூன்று நாள். 20ஆம் தேதி பார்சலுக்கு 17ஆம் தேதி காலை ஆர்டர் எண்ணோடு எஸ்எம்எஸ் வரும். அது வந்தபின் திட்டத்தை ரத்து செய்தால் அதற்கடுத்த பார்சல்தான் நிற்கும். கிளம்பப்போவதை ஆர்டர் பட்டியலுக்குள் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். அதுவும் தவறினால், வாசலில் ஓடிபி சொல்லாமல் திருப்பி அனுப்பலாம். வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் பேசலாம் என்றால், வெட்டிய ஸ்ட்ரிப்பையும் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டிய இன்சுலினையும் பொதுவாகத் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

சத்து மாத்திரைக் கதை வேறு. மீன் எண்ணெய் புட்டியில் 60 கேப்சூல், லேபிளில் நாளைக்கு ஒன்று என்று இருக்கிறது, திட்டமோ 30 நாளுக்கு ஒரு புட்டி! அலமாரியில் மூன்று புட்டி சீல் உடைக்காமல் நின்றபோதுதான் லேபிளைப் படித்தேன். இதற்குத் தயங்காமல் ரத்து. தீரும்போது வாங்கிக்கொண்டால் போகிறது.

யுபிஐ ஆட்டோபேயை நிறுத்தினாலே போதாதா என்று தம்பி கேட்டான். பணம் போகாது, சரி. ஆனால் திட்டம் கடைக்காரர் பக்கம் அப்படியே இருக்கும். பணம் எடுக்க முடியாமல் போனதும் அதே பார்சலைக் கேஷ் ஆன் டெலிவரியாக அனுப்பிவிடலாம், வீட்டில் இருக்கும் பெரியவர் கொடுத்து வாங்கிவிடுவார். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் தகவல் வர வேண்டும், அந்த ஒரு தவணையை மட்டும் மறுக்கவும் வழி இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆர்டர் மூன்று நாள் முன்பே உருவாகும் கடையில், அந்தத் தகவல் வரும்போது பார்சலைக் கட்டி முடித்திருக்கலாம். அதனால் நான் முதலில் திட்டத்தை ரத்து செய்து, அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகே யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியை நீக்குகிறேன்.